சிறு ஒப்பந்ததாரருக்குப் பேங்க் கேரண்டி: செலவு எவ்வளவு, இன்வோக் ஆனால் என்ன நடக்கும்?

அரசுத் துறையின் வேலை கிடைத்துவிட்டது. வேலை மதிப்பில் ஐந்து சதவீதத்துக்குப் பேங்க் கேரண்டி கொடு என்கிறார்கள். அந்தப் பணத்தை டெபாசிட்டாகவே கட்டிவிட்டால் ஆகாதா?

பல டெண்டர்களில் ஆகும். பேங்க் கேரண்டி என்பது, நீங்கள் தவறினால் துறைக்குப் பணம் தருகிறேன் என்று வங்கி எழுதிக் கொடுக்கும் தாள். அந்தப் பணத்தைத் துறை வங்கியிடம் கேட்பதுதான் இன்வோக். டி.டி., நிரந்தர வைப்பு ரசீது, பேங்க் கேரண்டி, இதில் எதுவும் சரி என்றுதான் எழுதியிருப்பார்கள். வேலை சிறியது, கையில் பணமும் சும்மா கிடக்கிறது என்றால் ரசீதைத் துறையின் பெயருக்கு அடமானம் எழுதிக் கொடுப்பதே எளிது. கமிஷன் கிடையாது, வட்டியும் உங்களுக்கே வரும்.

ஆனால் சிமென்ட்டும் கம்பியும் வாங்க வேண்டிய பணம் அங்கே போய் முடங்கிவிடும். கேரண்டி எடுத்தால் ஒரு பகுதியை மட்டும் முடக்கிவிட்டு மீதியை வேலையில் போடலாம். கேரண்டியின் பயன் அவ்வளவுதான். அதைக் காப்பீடு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. காப்பீட்டில் கம்பெனி கொடுத்த பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்காது. கேரண்டியில் வங்கி துறைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் உங்களிடமிருந்து வசூலிக்கும். அதற்கான கையெழுத்தை எதிர் உத்தரவாதப் பத்திரத்தில் முதலிலேயே வாங்கியும் வைத்துக்கொள்ளும்.

வங்கிக்குப் போனால் என்ன கேட்பார்கள்?

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில் கேரண்டித் தொகை முழுவதையும் எஃப்.டி.யாகப் போட்டுவிடுகிறீர்கள். நூறு சதவீத மார்ஜின் என்பார்கள். வேலை ஆணை, துறை கொடுத்த கேரண்டி மாதிரி, விண்ணப்பம், எதிர் உத்தரவாதம் இவை இருந்தால் சில நாட்களில் கையில் வந்துவிடும். பெரிய ஆய்வெல்லாம் இருக்காது.

இரண்டாவது வழி லிமிட் வாங்குவது, அதாவது இத்தனை தொகை வரை கேரண்டி தருகிறோம் என்று வங்கியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைப்பது. ஓவர்டிராஃப்ட் லிமிட்டுக்குக் கேட்பது போல மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கையில் உள்ள வேலைகளின் பட்டியல், சொத்துப் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். லிமிட் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு கேரண்டிக்கும் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை மார்ஜின் வைத்தால் பெரும்பாலும் போதும். சொத்து இல்லாதவர்கள், சிறு தொழில்கள் அடமானம் இல்லாமல் வாங்கும் கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தில் கேரண்டி லிமிட்டையும் சேர்க்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். கடன் தொகைக்கு மட்டும்தான் அந்தத் திட்டம் என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கமிஷன் இரண்டரை சதவீதம்தான் என்றார்கள். அப்படியானால் மொத்தச் செலவு அவ்வளவுதானா?

இல்லை. கமிஷன் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று போடுவது. கேரண்டி எத்தனை மாதம் உயிரோடு இருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். 80 லட்சம் ரூபாய்க்கு மழைநீர் வடிகால் வேலை. ஐந்து சதவீதம் என்றால் கேரண்டி 4 லட்சம். வேலைக்கு 9 மாதம், குறைபாடு பொறுப்புக் காலம் 12 மாதம், அதற்குமேல் துறை கேட்கும் கிளைம் காலம் 3 மாதம். மொத்தம் 24 மாதம். ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 10,000, இரண்டு வருடத்துக்கு 20,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600. ஆக 23,600 ரூபாய். இதைப் பெரும்பாலும் கேரண்டி எழுதும் அன்றே மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். முத்திரைத்தாள், செய்தி அனுப்பும் கட்டணம் என்று சில்லறைச் செலவும் சேரும்.

அந்த 3,600-ஐ நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வங்கிக் கணக்கில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் பதிவாகியிருக்க வேண்டும். எண் கொடுக்காமல் விட்டால் வங்கி உங்களைச் சாதாரண வாடிக்கையாளராகக் கணக்கில் எழுதும், வரவு உங்கள் போர்ட்டலுக்கு வராது. கணக்கு தொடங்கும்போது தராதவர்கள் இன்றே கொடுங்கள்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு மார்ஜினில் இருக்கிறது. நூறு சதவீத எஃப்.டி. வைத்தால் சில வங்கிகள் கமிஷனைக் குறைப்பார்கள். ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு 8,000, ஜி.எஸ்.டி. 1,440, மொத்தம் 9,440. மலிவாகத் தெரிகிறது. ஆனால் 4 லட்சம் முடங்கியதால் வேலைக்கு 12 சதவீதத்தில் கடன் வாங்குகிறீர்கள், எஃப்.டி.க்கு 6.5 சதவீதம் வருகிறது என்றால், வித்தியாசம் 5.5 சதவீதம். வருடத்துக்கு 22,000, இரண்டு வருடத்துக்கு 44,000. சேர்த்தால் 53,440.

இருபத்தைந்து சதவீத மார்ஜினில் முடங்குவது 1 லட்சம்தான். வித்தியாச வட்டி இரண்டு வருடத்துக்கு 11,000. கமிஷனோடு சேர்த்து 34,600. இந்த வழியில் லிமிட் வாங்கும்போது வக்கீல் கருத்து, சொத்து மதிப்பீடு, அடமானப் பதிவு, பரிசீலனைக் கட்டணம் என்று முதல் தடவை ஒரு செலவு வரும். அதை ஒரே ஒரு கேரண்டியின் தலையில் கட்டினால் நஷ்டம். வருடத்துக்கு மூன்று நான்கு வேலை எடுப்பவருக்கு லிமிட் லாபம், எப்போதாவது ஒன்று எடுப்பவருக்கு எஃப்.டி. போதும் என்பது என் கணிப்பு. நான் போட்ட விகிதங்கள் கணக்குக்காக. உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலை எடுத்து அதே இடங்களில் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

விலை சொல்லும்போது இந்தத் தொகையை மேற்செலவில் சேர்க்காத ஒப்பந்ததாரர்கள்தான் அதிகம். 80 லட்சத்தில் 35,000 பெரிதா என்பார்கள். லாபமே ஐந்தாறு சதவீதம் என்று நிற்கும் வேலையில் அது சின்னதும் இல்லை.

துறை மூன்று மாதம் கிளைம் காலம் போதும் என்கிறது. வங்கியோ ஒரு வருடம் வேண்டும் என்கிறது. யார் சொல்வது சரி?

கேரண்டித் தாளில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று கேரண்டி செல்லுபடியாகும் கடைசி நாள். இன்னொன்று துறையின் கோரிக்கைக் கடிதம் வங்கிக்கு வந்து சேர வேண்டிய கடைசி நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கிளைம் காலம்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் வங்கிகளுக்காக மூன்றாவது விதிவிலக்கு ஒன்று 2013-இல் நடைமுறைக்கு வந்தது. கேரண்டியில் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு வங்கியின் பொறுப்பு அற்றுப்போகும் என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்தக் காலம் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்பது அதன் சாரம். இதைப் பார்த்து, கிளைம் காலமே ஒரு வருடம் இருந்தாக வேண்டும் என்று வங்கிகள் முடிவுசெய்தன. கமிஷனும் அந்த ஒரு வருடத்துக்குச் சேர்த்தே போட்டன.

2021 ஜூலையில் லார்சன் அண்ட் டூப்ரோவுக்கும் பஞ்சாப் நேஷனல் வங்கிக்கும் இடையிலான வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. அந்த விதிவிலக்கு பேசுவது கோர்ட்டுக்குப் போகும் காலத்தைப் பற்றி, வங்கியிடம் கோரிக்கை வைக்கும் காலத்தைப் பற்றி அல்ல, அதனால் ஒரு வருடக் கிளைம் காலத்தை வாடிக்கையாளர்மேல் திணிக்கத் தேவையில்லை என்றது. நம் கிளை மேலாளர் தலைமை அலுவலகச் சுற்றறிக்கையைத்தான் பார்ப்பார், சரி. ஆனாலும் தீர்ப்பைச் சுட்டி எழுத்தில் கேளுங்கள், கொஞ்சம் அசைவார்கள். மேலே போட்ட கணக்கில் மூன்று மாதம் பன்னிரண்டாக மாறினால் கூடுதலாக 9 மாதக் கமிஷன் 7,500, ஜி.எஸ்.டி. 1,350, ஆக 8,850 ரூபாய். எஃப்.டி.யும் அத்தனை மாதம் கூடுதலாக அடைபட்டிருக்கும்.

தாளில் எழுதியிருப்பதை நான் மாற்ற முடியாது. அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?

மாதிரி டெண்டர் ஆவணத்தின் பின்னிணைப்பில் இருக்கும், அதை மாற்றினால் துறை வாங்காது, உண்மைதான். அதனால்தான் விலை போடுவதற்கு முன்னால் அதைப் படிக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு படித்து என்ன பயன்?

முதலில் பார்க்க வேண்டியது, வங்கி எப்போது பணம் கொடுக்கும் என்ற வரி. "கேட்டவுடன், எந்த ஆட்சேபமும் இல்லாமல், ஒப்பந்ததாரரைக் கேட்காமல்" என்கிற மாதிரி இருந்தால் அது நிபந்தனையற்ற கேரண்டி. நம் துறைகள் கேட்பது பெரும்பாலும் இதுதான். "ஒப்பந்ததாரர் இன்ன கடமையிலிருந்து தவறினால்" என்று ஒரு நிபந்தனையோடு சேர்த்து எழுதியிருந்தால் நிலைமை வேறு.

ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனிக்கும் பீகார் அரசுக்கும் நடந்த வழக்கில் 1999-இல் உச்சநீதிமன்றம் இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. அந்தக் கேரண்டி நிபந்தனையோடு எழுதப்பட்டது. கோரிக்கை வைக்க வேண்டியவர் தலைமைப் பொறியாளர் என்று தாளில் இருந்தது. கடிதம் கொடுத்ததோ செயற்பொறியாளர். கோரிக்கை செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. யார் கேட்க வேண்டும், எந்தக் கிளையில் கேட்க வேண்டும், என்ன எழுதிக் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்வோக் ஆகும் நாளில் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.

முன்பணத்துக்குக் கொடுக்கும் கேரண்டி என்றால் இன்னொன்று பார்க்க வேண்டும். பில்லில் முன்பணத்தைப் பிடிக்கப் பிடிக்கக் கேரண்டித் தொகையும் குறையும் என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லாவிட்டால் பாதி முன்பணம் திரும்பிப் போன பிறகும் முழுத் தொகைக்கும் கமிஷன் கட்டிக்கொண்டிருப்பீர்கள், முழுத் தொகையும் ஆபத்தில் இருக்கும்.

வேலை இழுத்துக்கொண்டே போகிறது. "கேரண்டியை நீட்டிக்கவும், தவறினால் இதையே கோரிக்கையாகக் கொள்ளவும்" என்று வங்கிக்கு லெட்டர் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

உடனே நீட்டியுங்கள். சிறு ஒப்பந்ததாரர்களின் கேரண்டி கைவிட்டுப் போவது பெரும்பாலும் வேலையை மோசமாகச் செய்ததால் அல்ல, தேதியைக் கவனிக்காததால்தான்.

துறையின் பக்கம் நின்று பாருங்கள். மின்கம்பம் மாற்றித் தரவில்லை, மழை, இடம் ஒப்படைக்கவில்லை என்று வேலை ஐந்து மாதம் தள்ளிப்போகிறது. கால நீட்டிப்பு உத்தரவு இன்னும் கோப்பிலேயே கிடக்கிறது. கேரண்டியின் தேதி நெருங்குகிறது. அது காலாவதியாகிவிட்டால் தணிக்கையில் பொறியாளர் தலைதான் உருளும். அதனால் அவர் அந்த இரட்டைக் கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுவார். உங்கள்மேல் கோபம் எல்லாம் இல்லை. ஆனால் கடைசித் தேதிக்குள் நீட்டிப்பு வராவிட்டால் வங்கி அந்தக் கடிதத்தையே கோரிக்கையாக எடுத்துப் பணத்தைக் கொடுத்துவிடும்.

நீட்டிப்புக்கு நீங்கள் விண்ணப்பம், கூடுதல் கமிஷன், தேவைப்பட்டால் முத்திரைத்தாள் கொடுக்க வேண்டும். லிமிட் உங்களுக்கு வருடாந்திரப் புதுப்பிப்பில் நிலுவையாக இருந்தால் வங்கி நீட்டிக்கத் தயங்கும், அதுதான் கடைசி வாரத்தில் ஆளை மாட்டிவிடும் இடம். அதனால் காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. எத்தனை மாதம் நீட்டிக்க வேண்டும் என்று துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். பல வங்கிகள் காலாண்டு கணக்கில் கமிஷன் போடுகின்றன. பத்து நாள் நீட்டித்தாலும் மூன்று மாதக் கமிஷன் போகலாம். துண்டுதுண்டாக நீட்டிப்பது இந்த வகையில் நஷ்டம்.

தாமதம் துறையால் வந்தது என்றால், நீட்டிப்புச் செலவு எங்களைச் சேராது என்று அதே சமயத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்தப் பணம் கிடைக்கிறதோ இல்லையோ, தாமதம் யாருடையது என்பதற்கு அது பதிவாக நிற்கும்.

இன்வோக் செய்தால் வங்கி என்னைக் கேட்டுவிட்டுத்தானே பணம் கொடுக்கும்?

கேட்காது. தகவல் சொல்லும். அதுவும் சில சமயம் பணம் போன பிறகுதான் தெரியவரும்.

கடிதம் கிளைக்கு வந்ததும் அவர்கள் சரிபார்ப்பது சில விஷயங்களைத்தான். கிளைம் தேதிக்குள் வந்ததா, கேட்ட தொகை கேரண்டிக்குள் அடங்குகிறதா, கையெழுத்துப் போட்டவர் அதற்கு உரியவரா, தாளில் சொன்ன வாசகப்படி கேட்டிருக்கிறார்களா. இவை சரியாக இருந்தால் கொடுக்க வேண்டியதுதான். கேரண்டிக்குக் கோரிக்கை வந்தால் தாமதிக்காமல், வாடிக்கையாளரோடு உள்ள தகராறைக் காரணம் காட்டாமல் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியும் வங்கிகளிடம் எதிர்பார்ப்பது. மேலாளரிடம் போய் "நான் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், எம்.புக்கைப் பாருங்கள்" என்று வாதாடினால் அவர் என்ன செய்வார்? அளவுகளைப் பதியும் அந்த எம்.புக் அவருக்குத் தேவையே இல்லை.

அங்கே பேசிப் பயன் உள்ளது ஒன்று உண்டு. கோரிக்கைக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கித் தாளோடு ஒப்பிடுங்கள். தேதி தாண்டியிருந்தாலோ, வேறு அதிகாரி கையெழுத்திட்டிருந்தாலோ, "தவறினார்" என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டிருந்தாலோ அன்றே எழுத்தில் கொடுங்கள். வங்கி துறைக்குத் திருப்பி எழுதும். கிளைம் காலம் மீதி இருந்தால் துறை திருத்தி மறுபடி அனுப்பிவிடும், எனவே இது பெரும்பாலும் சில நாள் அவகாசம்தான். அந்தச் சில நாளும் சில சமயம் போதுமானதாக இருக்கும்.

பணம் போய்விட்டது. இப்போது வங்கியில் என் நிலை என்ன?

மேலே சொன்ன 4 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் மார்ஜின் எஃப்.டி. உடைபடும். 1 லட்சமும் அதன் வட்டியும் போகும். மீதி ஏறத்தாழ 3 லட்சம் உங்கள் நடப்புக் கணக்கிலோ ஓவர்டிராஃப்டிலோ இருந்தால் அங்கிருந்து எடுக்கப்படும். இல்லையென்றால் அந்த 3 லட்சம் உங்கள் பெயரில் கடனாக உட்காரும். நீங்கள் கேட்காத கடன், தவணையும் கிடையாது. உடனே கட்ட வேண்டும். வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 3,000. ஒப்பந்தப்படி அபராதக் கட்டணமும் சேரலாம்.

இதில் 90 நாள் கணக்கு மிக முக்கியம். அதற்குள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகும். வாராக்கடன் என்பதை ஒரு கணக்குக்கு என்று பார்ப்பதில்லை, ஆளுக்கு என்று பார்ப்பார்கள். நீங்கள் தனி உரிமையாளராகத் தொழில் செய்கிறீர்கள், அதே வங்கியில் ஜே.சி.பி. கடனும் வீட்டுக்கடனும் இருக்கிறது என்றால், அவற்றை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருந்தாலும் எல்லாமே வாராக்கடன் வரிசைக்குப் போகும். சிபிலில் ஏறும். அடுத்த டெண்டருக்குக் கேரண்டி கேட்டால் எந்த வங்கியும் தராது. தொழில் நிற்பது அந்த 4 லட்சத்தால் அல்ல, இதனால்தான்.

லிமிட்டுக்காகச் சொத்து அடமானம் இருந்தால், அந்தச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். எனவே முதல் வாரத்திலேயே மேலாளரைப் பார்த்து அந்த 3 லட்சத்தைத் தவணைக் கடனாக மாற்றித் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். 90 நாளுக்குப் பிறகு கேட்பதற்கும் முன்னால் கேட்பதற்கும் பதில் ஒன்றாக இருக்காது.

கோர்ட்டில் தடை வாங்க முடியாதா?

முடியும், ஆனால் கதவு ரொம்பக் குறுகல். நிபந்தனையற்ற கேரண்டியை நிறுத்த உச்சநீதிமன்றம் திரும்பத் திரும்ப இரண்டு காரணங்களைத்தான் ஏற்கிறது. ஒன்று, கேரண்டியின் அடிப்படையையே குலைக்கும் அளவுக்கு அப்பட்டமான மோசடி. இன்னொன்று, பின்னால் ஈடுகட்டவே முடியாத அநீதி. 2007-இல் ஹிமாத்ரி கெமிக்கல்ஸ் வழக்கில் இவற்றை வரிசைப்படுத்திச் சொல்லியிருக்கிறது. "வேலையை நான் நிறுத்தவில்லை, துறைதான் இடம் தரவில்லை" என்பது ஒப்பந்தத் தகராறு. அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தடைக்குப் போதாது. பணத்தைத் திருப்பித் தர முடியாத நிலை ஒரு அரசுத் துறைக்கு வரும் என்று நிரூபிப்பதும் நடக்காத காரியம்.

தாளில் உள்ள நிபந்தனை மீறப்பட்டிருந்தால், அதாவது பீகார் வழக்கு மாதிரி இருந்தால், அந்த வாதம் வேறு, அதற்குப் பலம் உண்டு. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால் 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். இல்லாவிட்டால் உரிமையியல் வழக்கு. எதிர்த்தரப்பு அரசு என்றால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவசரம் என்றால் கோர்ட்டின் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலும் தொடுக்கலாம்.

வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டால் தடைக்கு வேலை இல்லை. ஆகவே ஒப்பந்தத்தை ரத்து செய்யப்போகிறோம் என்ற முதல் நோட்டீஸ் வரும்போதே வக்கீலிடம் கேரண்டித் தாளைக் காட்டிவிட வேண்டும். 4 லட்சத்துக்காகத் தடை வழக்குப் போடலாமா என்று என்னைக் கேட்டால், தாளில் தெளிவான ஓட்டை இருந்தால் மட்டும் போடுங்கள் என்பேன். இல்லையென்றால் அந்த வக்கீல் செலவையும் உழைப்பையும் அடுத்த கேள்வியில் உள்ள வேலைக்கு வைத்துக்கொள்வது மேல்.

அப்போ போன பணம் போனதுதானா?

இல்லை. கேரண்டி இன்வோக் ஆனதால் நீங்கள் தப்பு செய்ததாக முடிவாகிவிடாது. துறை பணத்தை எடுத்திருக்கிறது, கணக்கு இன்னும் தீரவில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி துறைக்கு நியாயமான இழப்பீட்டுக்குத்தான் உரிமை. நட்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்க வேண்டும் என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதே வடிகால் வேலை 50 லட்சம் அளவுக்கு முடிந்த நிலையில் ரத்தானது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் 44 லட்சம் வந்துவிட்டது, 6 லட்சம் நிலுவை. மீதி 30 லட்ச வேலையைத் துறை மறு டெண்டரில் 35 லட்சத்துக்குக் கொடுக்கிறது. துறைக்குக் கூடுதல் செலவு 5 லட்சம். அது முழுக்க உங்கள் தலையில் விழுந்தாலும், துறையின் கையில் இருப்பது நிலுவை 6 லட்சம், கேரண்டிப் பணம் 4 லட்சம், ஆக 10 லட்சம். தாமத அபராதம் போன்ற பிடித்தங்கள் இல்லை என்றால் 5 லட்சம் உங்களுக்குத் திரும்ப வேண்டும். தாமதம் துறையால்தான் என்று காட்ட முடிந்தால் அந்த 5 லட்சக் கழிவும் நிற்காது.

அந்த 35 லட்சத்தை அப்படியே ஒப்புக்கொள்ளவும் கூடாது. மறு டெண்டரில் உங்கள் வேலையில் இல்லாத அயிட்டம் சேர்ந்திருக்கும், அளவு கூடியிருக்கும். அயிட்டம் அயிட்டமாக ஒப்பிட்டு, உங்கள் அட்டவணையில் இருந்ததற்கு மட்டும் வித்தியாசம் போட வேண்டும். அந்த மறு டெண்டர் மதிப்பீட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

இதற்கெல்லாம் அடித்தளம் ரத்தான அன்றைய அளவு. துறை கூட்டு அளவெடுப்புக்கு அழைத்தால் கோபத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள். போய் நின்று, தேதி தெரியும்படி படம் எடுத்து, எம்.புக்கில் கையெழுத்துப் போடுங்கள். உடன்பாடு இல்லாத அளவுக்கு "ஆட்சேபத்துடன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்தவர் கான்கிரீட் போட்டுவிட்டால் உங்கள் கான்கிரீட் எது என்று கடவுளாலும் பிரித்துக் காட்ட முடியாது. வழக்குக்குப் பொதுவாக மூன்று வருட கால வரம்பு உண்டு. துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்தக் கால ஓட்டம் நிற்காது.

மார்ஜினே இல்லாமல் கேரண்டி எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம். வங்கி உங்களைப் பார்க்காமல், உங்கள் கையெழுத்து இல்லாமல் தாள் வருகிறது என்றால் அது போலி. இப்போது வழங்கும் வங்கியிலிருந்து துறையின் வங்கிக்கு, வங்கிகளுக்குள் மட்டும் ஓடும் எஸ்.எஃப்.எம்.எஸ். செய்தி தனியாகப் போக வேண்டும் என்று பல துறைகள் கேட்கின்றன. 2022 முதல் தேசிய மின் ஆளுமைச் சேவை நிறுவனமான நெஸ்ல் வழியாக மின்னணுக் கேரண்டியும் வந்துவிட்டது. தாளை மட்டும் காட்டி ஏமாற்றுவது கடினம். மாட்டினால் கறுப்புப் பட்டியலோடு குற்ற வழக்கும் உங்கள் பெயரில் வரும்.

மார்ஜின்தான் பிரச்சினை என்றால், காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் ஷூரிட்டி பாண்டு ஒரு மாற்று. 2022-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதற்கு விதிமுறை கொண்டுவந்தது. உங்கள் டெண்டரில் அது ஏற்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் நிறுவனம் கொடுத்த பணத்தை உங்களிடம் வசூலிக்கும்.

வேலை முடிந்து எல்லாம் சரியாகிவிட்டது. எஃப்.டி. எப்போது விடுபடும்?

நீங்கள் போய்க் கேட்கும்போது. குறைபாடு பொறுப்புக் காலம் முடிந்ததும் துறைக்குக் கடிதம் கொடுத்து, அசல் கேரண்டித் தாளையும் விடுவிப்புக் கடிதத்தையும் வாங்குங்கள். இரண்டையும் வங்கியில் ஒப்படைத்தால் எஃப்.டி.மேல் உள்ள பிடிமானம் நீக்கப்படும். அசல் திரும்பி வராத வரையில் சில வங்கிகள் கேரண்டி உயிரோடு இருப்பதாகவே கணக்கில் வைத்திருப்பார்கள், லிமிட்டும் அந்த அளவுக்கு அடைபட்டே இருக்கும்.

துறையில் அசல் தொலைந்துவிட்டது என்றால் "பொறுப்பு ஏதும் இல்லை, கேரண்டி ரத்து செய்யப்படலாம்" என்று அதிகாரி கையெழுத்து, முத்திரையோடு கடிதம் வாங்குங்கள், வங்கி ஏற்கும். கிளைம் தேதியும் தாண்டிவிட்டது, துறை பதிலே தரவில்லை என்றால், காலாவதியான விவரத்தைத் துறைக்கு எழுதிவிட்டுக் கணக்கை முடிக்கும்படி வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள். குறித்த தேதிக்கு முன்பே வேலை முடிந்து தாளையும் ஒப்படைத்துவிட்டால், மீதி காலத்துக்கான கமிஷனில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் வழக்கம் சில வங்கிகளில் இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள்.